நிறுத்தி வைத்த பணமும் கடைக்காரரின் கடிதமும்

இணையத்தில் விற்கும் சிறு கடைக்காரர்களுக்குப் பண்டிகை முடிந்த பிறகு வரும் சிக்கல் ஒன்று உண்டு. விற்பனை நடந்துவிட்டது, வாடிக்கையாளர் பணமும் செலுத்திவிட்டார். ஆனால் பேமென்ட் நிறுவனம் அந்தப் பணத்தைக் கடையின் வங்கிக் கணக்குக்கு அனுப்பாமல் நிறுத்தி வைக்கிறது. காரணம் கேட்டால், ‘உங்கள் கணக்கில் வாடிக்கையாளர் தகராறுகள் திடீரென உயர்ந்துள்ளன, பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு வரி பதில் வரும். கடைக்காரர் உடனே உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார். நெசவாளிக்குக் கூலி கொடுக்க வேண்டும், வாடகை பாக்கி நிற்கிறது, பத்து வருட நாணயம் கெட்டுப்போகிறது, இது என் பணம், உடனே விடுங்கள் என்கிறார்.

அதில் சொல்வதெல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனாலும் அப்படிப்பட்ட கடிதம் பெரும்பாலும் பலிப்பதில்லை. படிப்பவரின் மேசையில் இருக்கும் கேள்விக்கு அதில் விடை இல்லை என்பதே காரணம். அந்தக் கேள்வி என்ன, அதற்கு எப்படிக் கணக்குக் காட்டுவது, கடிதம் எந்த எல்லைவரை செல்லும் என்பதே இக்கட்டுரையின் ஆய்வு.

பணம் எங்கே நிற்கிறது

வாடிக்கையாளர் கார்டிலோ யு.பி.ஐ.யிலோ செலுத்தும் தொகை நேரே கடைக்குப் போவதில்லை. பேமென்ட் நிறுவனம் ஒரு வணிக வங்கியில் வைத்திருக்கும் எஸ்க்ரோ கணக்கில் முதலில் சேர்கிறது. 2020 மார்ச் 17 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டுதல் இதைக் கட்டாயமாக்கியது. நிறுவனம் அந்தப் பணத்தைத் தன் சம்பளச் செலவுக்கோ வியாபாரத்துக்கோ எடுக்க முடியாது. ஆகவே, ‘என் பணத்தை எடுத்துச் செலவழிக்கிறார்கள்’ என்று கடிதத்தில் எழுதுவது, குறி தவறிய அடி.

அதே வழிகாட்டுதல், பணம் எப்போது கடைக்குச் சேர வேண்டும் என்பதற்கும் கணக்கு வைத்தது. பொருளைச் சேர்ப்பிக்கும் பொறுப்பு கடையுடையதென்றால், பொருள் சேர்ந்ததை உறுதிசெய்த மறுநாள். திருப்பித் தரும் கால அவகாசம் முடியும்வரை வைத்திருக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த அவகாசம் முடிந்த மறுநாள். இந்த இரண்டாவது வகை ஒப்பந்தத்தில்தான் பல கடைக்காரர்கள் படிக்காமலே கையெழுத்திட்டிருக்கிறார்கள். 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி புதிய முதன்மை நெறிமுறையைக் கொண்டுவந்துவிட்டதால், பழைய சுற்றறிக்கையின் பத்தி எண்ணை மேற்கோள் காட்டிச் சண்டை போடுவதில் பயனில்லை. நடைமுறையில் உள்ள நெறிமுறையையும் தம் ஒப்பந்தத்தில் ‘நிறுத்திவைப்பு’, ‘ரிசர்வ்’, ‘ஈடுகட்டல்’ என்ற தலைப்புகளில் உள்ள பிரிவுகளையும் கையில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

நிறுவனத்தின் அச்சம் எது

கார்டு வைத்திருப்பவர் தம் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டுக்குச் சார்ஜ்பேக் என்று பெயர். அமெரிக்காவில் 1974-ல் வந்த நியாயமான கடன் பில்லிங் சட்டம் இதற்கு வித்திட்டது. இன்று விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க்குகளின் விதிப்புத்தகங்கள்தாம் இதை உலகெங்கும் நடத்துகின்றன. வாடிக்கையாளரின் வங்கி, கடையின் பக்கமுள்ள வங்கியிடம் கேட்கிறது. அந்த வங்கி பேமென்ட் நிறுவனத்திடம் பிடிக்கிறது. நிறுவனம் கடையிடம் பிடிக்கிறது. கடையின் கணக்கில் பணம் இல்லாவிட்டால் சங்கிலி அங்கே அறுந்து, நட்டம் நிறுவனத்தின் தலையில் விழுகிறது.

இதில் காலமும் ஒரு சிக்கல். பொருள் வரவில்லை என்ற வகைத் தகராறை விசாவின் விதிப்படி 120 நாள்வரை எழுப்பலாம். அந்த 120 நாள் பொருள் வந்திருக்க வேண்டிய தேதியிலிருந்துகூட எண்ணப்படும். அக்டோபரில் விற்ற சேலைக்குப் பிப்ரவரியிலும் தகராறு வர முடியும். பல ஒப்பந்தங்களில் நிறுத்திவைப்புக் காலம் 120 நாள், 180 நாள் என்று இருப்பதன் பின்னணி இதுதான்.

ஆக, நிறுவனத்தின் அபாயப் பிரிவில் இருப்பவர் கேட்கும் கேள்வி கடைக்காரர் நல்லவரா என்பதல்ல. ‘இன்றே இந்தக் கடை பூட்டப்பட்டால், நாங்கள் எவ்வளவு ரூபாய் கொடுக்க நேரிடும்?’ என்பதுதான் கேள்வி. இதற்கு விடை தெரியாதபோது முழுத் தொகையையும் பிடித்து வைப்பது அவருக்கு எளிது. விடையை எண்ணிக்கையில், ஆதாரத்தோடு கொடுப்பதே கடிதத்தின் வேலை.

விகிதம் காட்டும் மாயத் தோற்றம்

ஒரு மாதிரிக் கடையை எடுத்துக்கொள்வோம். சேலம் மாவட்டம் இளம்பிள்ளை சேலை உற்பத்திக்குப் பேர்போன ஊர். அங்கே சேலை வாங்கி இணையத்தில் விற்கும் ஒரு கடை. சராசரி விலை ரூ.1,500. தீபாவளி வந்த அக்டோபரில் 1,200 ஆர்டர்கள், நவம்பரில் 400 என்று வைத்துக்கொள்வோம். கையில் சரக்கு வருமுன்பே ஒரு நிறத்துக்கு ஆர்டர் வாங்கிவிட்டார்கள். தறிக்காரரிடமிருந்து சரக்கு தாமதமானது. ஐந்து நாளில் தருவதாகச் சொன்ன 140 பார்சல்கள் மூன்று வாரம் கழித்தே கிளம்பின. நவம்பர் 10 அன்று 14 தகராறுகள் பதிவாகியிருந்தபோது செட்டில்மென்ட் நின்றது. மாத முடிவில் அது 26 ஆனது.

இந்த 26-ஐ எதனால் வகுப்பது? நவம்பர் விற்பனையான 400-ஆல் வகுத்தால் 6.5 விழுக்காடு. பார்ப்பவர் மிரண்டுபோவார். மாஸ்டர்கார்டு தன் கண்காணிப்பில் செய்வதுபோல, இந்த மாதத் தகராறை முந்தைய மாத விற்பனையால் வகுத்தால் 26-க்கு 1,200, அதாவது ஏறக்குறைய 2.2 விழுக்காடு. இன்னும் நேர்மையான கணக்கு, எந்த மாத ஆர்டரில் தகராறு பிறந்ததோ அந்த மாதத்தோடு சேர்ப்பது. 26-ல் 24 அந்தத் தாமதச் சரக்கைச் சேர்ந்தவை. அந்த 140 பார்சல்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அக்டோபரின் மீதி 1,060 ஆர்டர்களில் தகராறு இரண்டே இரண்டு, அதாவது 0.2 விழுக்காட்டுக்கும் கீழே.

மூன்று எண்களும் ஒரே நிகழ்ச்சியைச் சொல்பவை. பண்டிகைக்குப் பிறகு விற்பனை சரிவதும், தகராறுகள் ஒரு மாதம் பின்தங்கி வருவதும் சேர்ந்து முதல் எண்ணை ஊதிப் பெரிதாக்கிவிடுகின்றன. கடைக்காரர் மூன்றையும் வரிசையாக எழுதிக் காட்ட வேண்டும். மோசமான எண்ணை மறைத்தால், நிறுவனத்தின் திரையில் அது ஏற்கெனவே இருப்பதால், மற்ற இரண்டையும் யாரும் நம்பமாட்டார்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. மாஸ்டர்கார்டின் அளவுகடந்த சார்ஜ்பேக் திட்டத்தில் ஒரு கடை விழ, விகிதம் 1.5 விழுக்காடு இருந்தால் மட்டும் போதாது. ஒரு மாதத்தில் குறைந்தது 100 சார்ஜ்பேக்குகளும் இருக்க வேண்டும். நம் மாதிரிக் கடையில் எல்லா வகையும் சேர்த்தே 26. அதாவது நெட்வொர்க் தண்டம் விதிக்கும் கட்டத்துக்குக் கடை வரவில்லை. நிறுத்திவைப்பு, நிறுவனம் தன் சொந்த முன்னெச்சரிக்கைக்காக எடுத்த முடிவு. சொந்த முடிவென்றால் பேசித் திருத்த இடமுண்டு. கடிதத்துக்கு வழி திறப்பது இந்த இடத்தில்தான். ஆனால் நெட்வொர்க்குகள் கடை வாரியாக மட்டுமன்றி, வங்கி வாரியாகவும் மொத்த விகிதத்தைப் பார்க்கின்றன என்பதால், நிறுவனத்தின் பதற்றம் முற்றிலும் ஆதாரமற்றதும் அல்ல.

தகராறுகளைக் கூறு கூறாகப் பிரித்தல்

அடுத்த வேலை, 26 தகராறுகளையும் ஒன்றொன்றாகப் பார்ப்பது. இந்திய கார்டுகளுக்கு இணையத்தில் ஓ.டி.பி. போன்ற இரண்டாம் உறுதிப்பாடு 2009 முதல் கட்டாயம். அதனால் ‘நான் வாங்கவே இல்லை’ என்ற வகைத் தகராறில் கடையின் பொறுப்பு பெரிதும் குறைகிறது. எஞ்சுவது மூன்று வகை: பொருள் வரவில்லை, சொன்னபடி இல்லை, பணம் திருப்பித் தரப்படவில்லை. விசாவின் பட்டியலில் இவை முறையே 13.1, 13.3, 13.6. வெளிநாட்டு கார்டுகளை ஏற்கும் கடையென்றால் கதை வேறு. அங்கே மோசடி வகையான 10.4 வந்து குவியும். திடீர் உயர்வு அந்த வகையில் இருந்தால் கடையின் தாமதத்தைச் சரிசெய்து பயனில்லை, வெளிநாட்டு கார்டுகளை நிறுத்துவதோ கூடுதல் உறுதிப்பாடு கேட்பதோதான் மருந்து.

வகையைப் பார்த்தபின் ஆர்டர் தேதி, பொருள், கூரியர் என்று ஒவ்வொன்றாக வரிசைப்படுத்த வேண்டும். காரணம் ஒன்றுதான் என்றால் ஏதேனும் ஒரு வரிசையில் தகராறுகள் கும்பலாக நிற்கும். எதிலும் கும்பல் சேராமல் பரவிக் கிடந்தால் வேறொரு பழைய நோயைச் சந்தேகிக்கலாம். வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கு விவரத்தில் கடையின் பெயருக்குப் பதில் யாருக்கும் தெரியாத பதிவுப் பெயர் ஒன்று வருவதுதான் அது. ‘இது யார்?’ என்று குழம்பியவர் வங்கிக்குப் புகார் செய்துவிடுகிறார்.

நம் மாதிரிக் கடையில் கும்பல் தெளிவாகத் தெரிகிறது. 24 தகராறுகளும் ஒரே நிறச் சேலை, ஒரே வார ஆர்டர்கள். அவற்றுள் 11 பார்சல்கள் தகராறு பதிவாகும் முன்பே வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டன, கூரியரின் சேர்ப்புச் சான்று இருக்கிறது. 9 பேருக்குக் கடை ஏற்கெனவே பணத்தைத் திருப்பிவிட்டது. 4 பார்சல்கள் தகராறுக்குப் பிறகே சேர்ந்தன. மீதி இரண்டு தகராறுகள் வேறு சேலைகளில், நிறம் படத்தில் உள்ளதுபோல் இல்லை என்றவை.

இந்த 9-தான் கடைக்காரர்கள் அதிகம் அடிபடும் இடம். ரீஃபண்ட் அனுப்பியாயிற்றே என்று தகராறுக்குப் பதில் தராமல் விட்டால், சார்ஜ்பேக்கிலும் அதே தொகை போய் இரட்டை நட்டமாகும். கார்டு ரீஃபண்டுக்கு 23 இலக்க ஏ.ஆர்.என். எண்ணும், யு.பி.ஐ.க்கு 12 இலக்க ஆர்.ஆர்.என். எண்ணும் உண்டு. அந்த எண்ணையும் தேதியையும் கொடுத்து எதிர்வாதம் செய்ய வேண்டும். தகராறு வந்த பிறகு புதிதாக ரீஃபண்ட் அனுப்பவே கூடாது. அப்போது செய்ய வேண்டியது தகராறை ஏற்றுக்கொள்வது மட்டுமே.

11-க்கும் 9-க்கும் எதிர்வாதம். தாமதமாய்ச் சேர்ந்த 4-ஐயும், நிறம் மாறிய 2-ஐயும் ஏற்றுக்கொள்வது. இந்த ஆறுக்கு ஆகும் நட்டம் ரூ.9,000. தோற்கப்போகும் வழக்கில் பிடிவாதம் பிடிக்காத கடைக்காரரின் மற்ற வாதங்களுக்கு எடை கூடும்.

எவ்வளவு கேட்பது

நவம்பர் 10 முதல் மாத முடிவுவரை வந்த 280 ஆர்டர்களின் பணம், ரூ.4,20,000, நிற்கிறது. அவற்றில் 231 வாடிக்கையாளரைச் சேர்ந்துவிட்டன, 49 இன்னும் வழியில். பழைய 140-ல் 104 சேர்ந்தன, 28-க்குப் பணம் திருப்பப்பட்டது, 8 வழியில்.

இப்போது அபாயப் பிரிவுக்காரரின் கேள்விக்கு விடை சொல்லலாம். 26 தகராறுகளிலும் தோற்றால் ரூ.39,000. வழியில் உள்ள பழைய 8 பார்சல்களுக்கு ரூ.12,000. வழியில் உள்ள புதிய 49-க்கு ரூ.73,500. சேர்ந்துவிட்ட 231-லும் சிலர் தகராறு எழுப்பலாம் என்று வைத்து, அவற்றின் மதிப்பான ரூ.3,46,500-ல் பத்து விழுக்காடு, ரூ.34,650. கூட்டினால் ரூ.1,59,150. முழுதாக ரூ.1,60,000 என்று வைத்தால், நிற்கும் தொகையில் ரூ.2,60,000 நிறுவனத்துக்கு ஆபத்தில்லாமல் விடக்கூடியது.

ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தகராறு பதிவான உடனே அதன் தொகையைக் கழித்துவிடும் வழக்கம் பல நிறுவனங்களில் உண்டு. அந்த ரூ.39,000 ஏற்கெனவே கழிக்கப்பட்டிருந்தால், அதையே மறுபடி பிடித்துவைக்கக் கூடாது. செட்டில்மென்ட் அறிக்கையில் கழிவு வரிகளைப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

முழுத் தொகையையும் கேட்பவருக்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலே வருகிறது. பகுதித் தொகையைத் தேதியோடு கேட்பவருக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். மாதிரிக் கடையின் கடிதம் இப்படி அமையலாம்:

> பெறுநர்: நோடல் அதிகாரி மற்றும் அபாயப் பிரிவு
> பொருள்: நிறுத்தப்பட்ட செட்டில்மென்ட் ரூ.4,20,000-ல் ரூ.2,60,000-ஐ விடுவிக்கக் கோருதல்
>
> ஐயா / அம்மையீர்,
>
> நவம்பர் 10 முதல் எங்கள் செட்டில்மென்ட் நிறுத்தப்பட்டுள்ளது. நவம்பரில் 26 தகராறுகள் வந்தன. நவம்பர் விற்பனையோடு ஒப்பிட்டால் இது 6.5 விழுக்காடு, அக்டோபர் விற்பனையோடு ஒப்பிட்டால் 2.2 விழுக்காடு. இவற்றில் 24, சரக்கு கைக்கு வருமுன் நாங்கள் ஆர்டர் ஏற்ற ஒரே நிறச் சேலையைச் சேர்ந்தவை. தவறு எங்களுடையது. அந்த 140 பார்சல்கள் நீங்கலாக அக்டோபர் ஆர்டர்களில் தகராறு இரண்டு.
>
> அந்தச் சேலையை நவம்பர் 3 அன்றே தளத்திலிருந்து எடுத்துவிட்டோம். இருப்பில் இல்லாததற்கு இனி ஆர்டர் ஏற்பதில்லை.
>
> 26 தகராறுகளில் 20-க்கு எதிர்வாதம் செய்கிறோம் (11 சேர்ப்புச் சான்றுடன், 9 ரீஃபண்ட் எண்ணுடன்), 6-ஐ ஏற்கிறோம். சான்றுகள் இணைப்பு 1-ல் உள்ளன. நிறுத்தப்பட்ட 280 ஆர்டர்களில் 231 சேர்ந்துவிட்டன. கூரியர் எண்ணுடன் பட்டியல் இணைப்பு 2-ல் உள்ளது.
>
> எல்லாத் தகராறுகளிலும் தோற்றாலும், வழியில் உள்ள எந்தப் பார்சலும் சேராவிட்டாலும், சேர்ந்தவற்றுக்கு 10 விழுக்காடு காப்பு வைத்தாலும் தேவைப்படுவது ரூ.1,59,150 (கணக்கு இணைப்பு 3). எனவே ரூ.1,60,000-ஐ வைத்துக்கொண்டு ரூ.2,60,000-ஐ டிசம்பர் 8-க்குள் விடுவிக்க வேண்டுகிறோம். வழியில் உள்ளவை சேரச் சேர, அவற்றின் தொகையை வாராவாரம் விடுவிக்கலாம். இனி வரும் விற்பனையில் 10 விழுக்காட்டை 90 நாள் ரிசர்வாக வைக்கச் சம்மதிக்கிறோம்.
>
> இதை ஏற்க இயலாதெனில், ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்கீழ், எவ்வளவு தொகை, எந்தத் தேதிவரை என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்.

கடைசிப் பத்தி, மறுப்பு வந்தாலும் கையில் ஓர் ஆவணம் மிஞ்ச வேண்டும் என்பதற்காக. வாடகையும் கூலியும் இந்தக் கடிதத்தில் இல்லை. கடை பணத்துக்குத் திணறுகிறது என்ற செய்தி, கடை பூட்டப்படுமோ என்ற அச்சத்தை வளர்க்கவே செய்யும்.

கடிதம் செல்லாத இடங்கள்

இவ்வளவும் பலிப்பது, நிறுவனம் தன் விருப்பப்படி நிறுத்தியிருக்கும்போதுதான். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் யாரோ புகார் கொடுத்து, காவல்துறை தொகையை முடக்கச் சொல்லியிருந்தால், நிறுவனத்தின் கையில் முடிவு இல்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்கீழ் நடக்கும் அந்த முடக்கத்துக்கு, விசாரிக்கும் காவல் நிலையத்தையோ நீதிமன்றத்தையோதான் அணுக வேண்டும். ஆகையால் முதல் மின்னஞ்சலிலேயே, ‘இது உங்கள் உள் முடிவா, வெளி ஆணையா?’ என்று கேட்டுவிடுவது நல்லது. சந்தேகப் பரிவர்த்தனை என்று அரசு அமைப்புக்கு அறிக்கை போயிருந்தால், அதைக் கடைக்காரரிடம் சொல்லவே நிறுவனத்துக்குத் தடை உண்டு. சில மௌனங்களுக்கு அது காரணமாக இருக்கலாம்.

பதிலே வராத இடத்தில் அடுத்த படி வக்கீல் நோட்டீஸ். பல ஒப்பந்தங்களில் நடுவர் மன்றப் பிரிவு இருப்பதால், வழக்கு எந்த ஊரில், எந்த முறையில் என்பது முன்பே எழுதப்பட்டிருக்கும். வணிகத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் அல்லர் என்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பொது விதி. ஆனால் சொந்த உழைப்பில், பிழைப்புக்காக மட்டுமே கடை நடத்துபவருக்கு அதில் விலக்கு இருக்கிறது. கடையின் அளவைப் பொறுத்து இந்த வாசலையும் தட்டிப் பார்க்கலாம்.

எந்த வாசலுக்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது ஆர்டர் எண், சேர்ந்த தேதி, கூரியர் எண், ரீஃபண்ட் எண் என்ற நான்கு விவரங்களின் பட்டியல்தான். செட்டில்மென்ட் நின்ற பிறகு அதைத் தேடித் தொகுக்க இரண்டு வாரம் போய்விடும். அந்த இரண்டு வாரமும் பணம் நிற்கும் காலத்தோடு சேர்ந்துவிடுகிறது. பார்சல் கட்டும் மேசையிலேயே அன்றன்று எழுதி வைத்தவர், பணம் நின்ற மறுநாளே கடிதத்தை அனுப்பிவிடுவார்.